பழைய வண்டி, புதுக்கடை... என்ன பெயர் வைக்கலாம்?

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போகிறவர் மனதில் இரண்டு பயங்கள் இருக்கும். ஒன்று, கிலோமீட்டர் ரீடிங்கைக் குறைத்திருப்பார்களோ என்பது. இன்னொன்று, ஆர்.சி பெயர் மாறாமல் இழுத்தடித்தால் விற்றவரை எங்கே போய்ப் பிடிப்பது என்பது. முதல் பயத்தை ஒரு நல்ல மெக்கானிக் தீர்த்துவைப்பார். இரண்டாவதைத் தீர்ப்பதில் கடையின் பெயருக்கும் பங்கு உண்டு.

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் ஒருவர் பைக், கார் இரண்டையும் வாங்கி விற்கும் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா செல்வம், அதே சாலையில் 1998 முதல் பைக் பட்டறை வைத்திருப்பவர். மகன் கையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: 'ட்ரூ டீல் கார்ஸ்', 'ஸ்ரீ முருகன் ஆட்டோ கன்சல்டிங்', 'செல்வம் பைக்ஸ் அண்ட் கார்ஸ்'.

'ட்ரூ' என்றால் நம்புவார்களா?

முதல் பெயர் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'ட்ரூ', 'ட்ரஸ்ட்', 'ஜெனியூன்' எல்லாம் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளக்கூடிய வார்த்தைகள். நேர்மையானவரும் எழுதலாம், ஏமாற்றுகிறவரும் எழுதலாம் என்பதால் வாங்க வருபவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. பொருளின் தரத்தை மட்டும் சொல்லும் வார்த்தைகளுக்கு டிரேட்மார்க் கிடைப்பதும் கடினம். மாருதி சுசூகியின் 'ட்ரூ வேல்யூ' இதே தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. அதை நினைவூட்டும் பெயர் வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வரவும் வாய்ப்பு உண்டு.

இரண்டாவது பெயரில் சாமி பெயர் தவறில்லை. ஆனால் அதே பெயரில் ஊருக்குள் நான்கு கடைகள் இருந்தால், கூகுள் மேப்ஸில் அடுத்தவர் வாங்கிய ஒற்றை ஸ்டார் இவர் தலையில் விழும். 'கன்சல்டிங்' என்றாலோ, வண்டி வேறொருவருடையது, இவர் கமிஷனுக்கு விற்றுத் தருகிறார் என்றுதான் நம் ஊரில் பலரும் எடுத்துக்கொள்வார்கள். சொந்தப் பணம் போட்டு வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர் அந்த வார்த்தையால் தன்னையே குறைத்துக்கொள்கிறார்.

மூன்றாவது பெயரில் ஓர் ஆள் இருக்கிறார். பட்டறைக்கு வந்துபோன வாடிக்கையாளர்களுக்கு அவரைத் தெரியும். பிரச்னை என்றால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். பைக், கார் இரண்டும் கிடைக்கும் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. 'செல்வம் மோட்டார்ஸ்' என்று வைத்தால் கொங்குப் பக்கம் பம்புசெட் கடை என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு!

'1998 முதல்' என்று போடலாமா?

பட்டறை நடப்பது 1998 முதல், வண்டி விற்பனை இப்போதுதான். போர்டில் வெறுமனே '1998 முதல்' என்று போட்டால் அது பொய். விஷயம் தெரிந்த ஒரே ஒரு பக்கத்துக் கடைக்காரர் போதும், மொத்த நம்பிக்கையும் போய்விடும். அதற்குப் பதிலாக, 'செல்வம் பைக் பட்டறை (1998 முதல்) குடும்பத்தாரின் வண்டி விற்பனை நிலையம்' என்று இரண்டாவது வரியில் எழுதலாம். பழமையும் தெரியும், பொய்யும் இல்லை.

பெயர் மாறினால் சந்தேகம்

அடுத்தது, போர்டில் உள்ள அதே பெயர் எல்லா இடத்திலும் வரவேண்டும். பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ-விடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. படிவம் 29A-வில் விண்ணப்பித்தால் 29B-யில் சான்றிதழ் தருவார்கள். ஐந்து வருடம் செல்லும். அதில் ஒரு பெயர், ஜி.எஸ்.டி பதிவில் இன்னொரு பெயர், அட்வான்ஸ் கட்ட க்யூ.ஆர் கோடை ஸ்கேன் செய்தால் மூன்றாவதாக யாரோ ஒருவரின் பெயர் என்று வந்தால், வாங்க வந்தவர் போனைப் பாக்கெட்டில் வைத்துவிடுவார். அதனால் பெயரை முடிவு செய்துவிட்டு, அதே வர்த்தகப் பெயரில் ஜி.எஸ்.டி பதிவு, கரன்ட் அக்கவுன்ட், க்யூ.ஆர் என்று வரிசையாக வாங்குவது நல்லது. போர்டு எழுதுவது கடைசியில்தான். தமிழ்நாட்டில் போர்டில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் பெயின்ட்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

போர்டுக்கு முன்பு இரண்டு சோதனைகள் பாக்கி. டிரேட்மார்க் இணையதளத்தின் இலவசத் தேடலில், விற்பனைச் சேவைகளுக்கான 35-ம் பிரிவில் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம். பிறகு தெரிந்த ஐந்து பேருக்கு போன் செய்து, கடைப் பெயரை ஒரே ஒருமுறை சொல்லி, மேப்ஸில் டைப் செய்யச் சொல்லலாம். இரண்டு பேர் தப்பாக டைப் செய்தாலோ, வேறொரு கடை வந்து நின்றாலோ, பெயரை அப்போதே மாற்றிவிடலாம். போர்டு மாட்டிய பிறகு மாற்றினால், 'பழைய கடை ஏன் மூடினாங்க?' என்றுதான் ஊர் கேட்கும்.