சங்கு யாருடையது, மை லார்ட்?

தூத்துக்குடி கரையிலிருந்து ஐந்து மைல் தள்ளி, கடலுக்கு அடியில் ஒரு சங்குப்பார். அதை ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். இன்னொருவரின் தோணி வருகிறது. குளியாளி ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பத்து சங்கை அள்ளிக்கொண்டு மேலே வருகிறார். இது திருட்டா?

சட்டக் கல்லூரிகளில் நடக்கும் 'மூட் கோர்ட்' போட்டிக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது கஷ்டம். மூட் என்றால் பாவனை நீதிமன்றம். கற்பனையான ஒரு வழக்கைக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் மாணவர்கள் எழுத்து வாதத்தைத் தயார் செய்து, பிறகு நீதிபதிகளாக உட்கார்ந்திருப்பவர்கள் முன் நின்று வாய்மொழியாக வாதாட வேண்டும். எழுத்து வாதத்துக்கு 'மெமோரியல்' என்று பெயர். அதை எழுதுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். மீதி உயிர் போவது நின்று பேசும் பதினைந்து, இருபது நிமிடங்களில்.

மேலே சொன்ன சங்கு வழக்கில் குத்தகைதாரர் பக்கம் வாதாட ஒரு மாணவிக்குச் சீட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வழக்கின் காலம் 1905 என்று தாளில் போட்டிருக்கிறது. அவருடைய பக்கத்தில் எது பலவீனம் என்பது அவருக்குத் தெரியும். நீதிபதிகளுக்கும் தெரியும். பெரும்பாலான போட்டிகளில் வழக்கைத் தயாரித்தவர்களே 'பெஞ்ச் மெமோ' என்று ஒரு குறிப்பை நீதிபதிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எந்தப் பக்கத்துக்கு எங்கே வலிக்கும் என்பது அதில் இருக்கும். ஆகவே பலவீனத்தை மூடி மறைத்துத் தப்பிக்கலாம் என்ற நினைப்பை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது.

கையில் இருக்கும் துருப்புச் சீட்டு

நல்ல செய்தி ஒன்று உண்டு. இதே மாதிரி உண்மையிலேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அன்னகுமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல். மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 1904-ம் ஆண்டு சட்ட அறிக்கையின் 27-வது தொகுதியில், 551-வது பக்கத்தில் இருக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்துச் சங்குப்பார் பற்றிய வழக்கு. கரையிலிருந்து மூன்று மைல்வரைதான் அரசின் கடல் என்பது அன்றைய பொது வழக்கு. பார் அதைத் தாண்டியும் கிடந்தது. இருந்தும் சங்கை எடுத்தது திருட்டுதான் என்றது நீதிமன்றம்.

பாதி மாணவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அங்கேதான் கண்ணி இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு பாக் விரிகுடாவைப் பற்றியது. அந்த விரிகுடாவைச் சுற்றி ஒன்பதில் எட்டுப் பங்கு அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் நிலம்தான், இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் இலங்கை. எனவே அது திறந்த கடலே அல்ல, ஆட்சிப் பரப்பின் ஒரு பகுதி என்பதுதான் நீதிபதிகள் சொன்ன காரணம். தூத்துக்குடி இருப்பதோ மன்னார் வளைகுடாவில். வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும், தெற்கே வாசல் அகலத் திறந்து இந்தியப் பெருங்கடலில் போய் முடிகிறது. பாக் விரிகுடாவுக்குச் சொன்ன காரணத்தை இங்கே அப்படியே தூக்கி வைத்தால் ஒட்டாது.

வழக்கைத் தயாரித்தவர் தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு தாள்

அனுபவமுள்ள மூட் அணிகள் இந்த மாதிரிப் பலவீனத்துக்கென்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்வார்கள். அதில் மேலே நீதிபதி கேட்கக்கூடிய மிக மோசமான கேள்வி, அவர் கேட்கும் தொனியிலேயே எழுதப்பட்டிருக்கும். நாகரிகமாக எழுதினால் பயனில்லை. 'கவுன்சல், உங்கள் தீர்ப்பு மூடிய விரிகுடாவுக்கு. உங்கள் பார் திறந்த கடலில். நான் ஏன் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?' என்று எழுத வேண்டும்.

அதன் கீழே பதில், நாலே வாக்கியத்தில். முதல் வாக்கியம் கேட்ட கேள்விக்கு நேரடியாக ஆம் அல்லது இல்லை. இரண்டாவது காரணம். மூன்றாவது ஆதாரம். நான்காவது, விட்ட இடத்துக்குத் திரும்பும் வழி. பலர் சறுக்குவது முதல் வாக்கியத்தில். 'மை லார்ட், இதற்கு முன் சில வரலாற்றுச் செய்திகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது' என்று ஆரம்பித்தால், நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

நம் மாணவியின் தாளில் இருக்க வேண்டிய பதில் கிட்டத்தட்ட இப்படி: 'ஆம், மை லார்ட். மன்னார் வளைகுடா நிலத்தால் சூழப்பட்டதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வாதம் நீரின் மீதான உரிமையை நம்பியிருக்கவில்லை, அடியில் இருக்கும் பாரை நெடுங்காலமாக அனுபவித்து வந்ததை நம்பியிருக்கிறது. முத்துக்குளிப்பு இடங்கள் ஒரு நாட்டின் உடைமையாகலாம் என்று வட்டேல் 1758-லேயே எழுதியிருக்கிறார், அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று இதே வளைகுடாவின் மறுகரையான இலங்கை. அனுமதித்தால், அந்த அனுபவத்துக்கு வழக்குத் தாளில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று காட்டுகிறேன்.'

இந்தப் பதிலில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. நீர் வேறு, தரை வேறு என்று பிரித்து, நீரைக் கொடுத்துவிட்டுத் தரையை வைத்துக்கொள்கிறார். எதை விட்டால் வழக்கு சாகாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பவருக்குத்தான் இது வரும். மேடையில் நின்றுகொண்டு யோசித்தால், பதற்றத்தில் ஒன்று எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள், அல்லது ஒன்றையும் கொடுக்க மாட்டார்கள். வட்டேல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சட்ட அறிஞர். நீதிபதி 'யார் அவர்?' என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த வரி.

அடுத்த அடி எங்கிருந்து வரும்?

ஒரு கேள்விக்குத் தப்பித்தால் அடுத்தது அதன் வயிற்றிலிருந்தே பிறக்கும். இங்கே அது ஃபிரான்கோனியா வழக்கு. 1876-ல் ஜெர்மன் கப்பல் ஒன்று இங்கிலாந்துக் கரைக்கு மூன்று மைலுக்குள் இன்னொரு கப்பலை இடித்ததில் பல உயிர்கள் போயின. ஜெர்மன் மாலுமியை விசாரிக்க இங்கிலாந்துக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பானது. பிறகு 1878-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதைச் சரிசெய்தது. அந்தச் சட்டமும் மூன்று மைலோடு நின்றுவிட்டது.

'மூன்று மைலுக்குள்ளேயே சட்டம் தேவைப்பட்டதே, கவுன்சல். ஐந்து மைலில் உங்களுக்கு எந்தச் சட்டம்?'

இந்தத் தீர்ப்பு தனக்கு எதிரானது என்பதால் அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றும். கூடாது. எதிரான தீர்ப்பை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவது வழக்கறிஞரின் கடமை, மூட்டிலும் அப்படித்தான். தவிர, எதிரணி எடுத்துப் போடும்போது பதில் சொல்வதைவிட, தானே எடுத்து வைத்துப் பிரித்துக் காட்டுவது சுலபம். ஃபிரான்கோனியாவில் கேள்வி, வெளிநாட்டுக் கப்பலில் இருந்த வெளிநாட்டவரை விசாரிப்பது பற்றியது. இங்கே தோணியும் குளியாளியும் உள்ளூர். அடுத்த ஆண்டே, 1877-ல், நியூஃபவுண்ட்லாந்தின் கன்செப்ஷன் விரிகுடா வழக்கில், வாய் இருபது மைலுக்கும் மேல் அகலமான கடலையே நீண்ட கால அனுபவத்தை வைத்து ஆட்சிப் பரப்பு என்று லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றது. பிரிவி கவுன்சில் தீர்ப்பு அன்றைய மெட்ராஸைக் கட்டுப்படுத்தும், ஃபிரான்கோனியா கட்டுப்படுத்தாது.

இங்கே ஆர்வக்கோளாறில் ஒரு தவறு நடக்கும். கடலடித் தரையைத் தொட்டபடியே நகரும் உயிர்கள் கரை நாட்டுக்கே சொந்தம் என்று 1958-ம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. சங்கு அதற்கு அச்சு அசலாகப் பொருந்தும். கூகுளில் தேடினால் முதலில் கிடைப்பதும் அதுதான். ஆனால் வழக்கின் காலம் 1905. ஐம்பத்து மூன்று வருடம் கழித்து வந்த உடன்படிக்கையை எடுத்து வைத்தால், நீதிபதி சிரித்துக்கொண்டே தேதியைக் கேட்பார். அதன்பிறகு மற்ற பதில்களையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

ஊர்ந்து போனால்?

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரு நீதிபதி சாதாரணமாகக் கேட்பார்: 'சங்கு உயிருள்ள பிராணிதானே? கடலில் நீந்தும் மீன் யாருடைய கையிலும் இல்லை. சங்கு மட்டும் எப்படி?'

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-வது பிரிவுப்படி, ஒருவரின் வசத்தில் இருக்கும் அசையும் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு அவர் சம்மதமின்றி எடுத்தால்தான் திருட்டு. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு. 'வசத்தில்' என்ற சொல்தான் இங்கே கழுத்தைப் பிடிக்கிறது. பதில் சட்டப் புத்தகத்தில் பாதி, கடலில் பாதி. சங்கு மணலில் பாதி புதைந்து, புழுக்களைத் தின்றுகொண்டு, மெல்ல ஊரும் பிராணி. கண்மாயில் அடைபட்ட மீனைப் போல, அது இருக்கும் இடத்தில் இருக்கும் என்று நம்பி ஒருவர் குத்தகைப் பணம் கட்டலாம். 'ஊர்ந்து பாரின் எல்லையைத் தாண்டினால்?' என்று நீதிபதி விடாமல் கேட்டால், நேர்மையான பதில்: 'தாண்டியதற்கு நான் உரிமை கோரவில்லை, மை லார்ட். இந்தப் பத்தும் பாருக்குள் எடுக்கப்பட்டவை.' இன்னொரு சின்ன விட்டுக்கொடுத்தல்.

பயிற்சியின்போது நண்பர்கள் மூன்று பேரை எதிரே உட்காரவைத்து, முதல் முப்பது விநாடிக்குள் குறுக்கிடச் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிட நேரத்தில் பாதி கேள்விக்கே போய்விடும், எனவே மனப்பாடம் ஏழு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பதில் எடுபட்டதா என்பதை ஒரே அடையாளத்தில் கண்டுபிடிக்கலாம். நீதிபதி வேறு விஷயத்துக்குப் போனால் எடுபட்டது. அதே கேள்வியை வேறு வார்த்தையில் மூன்றாம் முறை கேட்டால், முதல் வாக்கியத்தில் ஆம், இல்லை சொல்லவில்லை என்று அர்த்தம்.

எதிர் மேஜையில் இருக்கும் மாணவருக்கும் வலுவான ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தக் குளியாளியின் அப்பாவும் தாத்தாவும் அதே பாரில் இறங்கியவர்களாக இருந்து, தனக்கும் உரிமை உண்டு என்று மனதார நம்பி இறங்கியிருந்தால், 'நேர்மையற்ற எண்ணம்' எங்கே? அப்படி நம்பி எடுப்பது திருட்டாகாது என்பது இந்திய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். எல்லை, வளைகுடா, வட்டேல் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு, இந்த இடத்தில் குத்தகைதாரர் தோற்கலாம். அதற்கு இன்னொரு தாள் வேண்டும்.