புகாருக்கு ஒரு வாரச் சாட்சி

இரவு ஒன்பது மணிக்கு ஊரில் இருக்கும் பெரியவர்களுடன் வீடியோவில் பேச உட்கார்ந்தால் முகம் உறைந்து போகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது. நாம் புகார் செய்ய, மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஓர் ஆள் வருகிறார். தன் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்து, "சப் டீக் ஹை சார், உங்கள் வைஃபைதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். தில்லியில் நம்மவர் பலருக்கும் இது பழகிப்போன கதை.

கோபப்பட்டுப் பயனில்லை என்பது என் கருத்து. ரயில்வேயில் வண்டி தாமதமானால் கண்ட்ரோல் அறையின் சார்ட்டைப் பார்ப்போம். ஒவ்வொரு நிலையத்தையும் வண்டி கடந்த நேரம் அதில் இருக்கும். எந்த இரு நிலையங்களுக்கு நடுவே நேரம் போயிற்று என்பது வாக்குவாதம் இல்லாமல் தெரிந்துவிடும். இணைய இணைப்புக்கும் அப்படி ஒரு சார்ட் வேண்டும். ஒரே ஒரு தடவை எடுத்த சோதனையை யாரும் மறுத்துவிடலாம். ஒரு வாரப் பதிவை மறுப்பது கடினம்.

இதற்கு லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதை ரூட்டருடன் கேபிளால் இணைக்க வேண்டும். வைஃபையில் எடுத்த அளவு சாட்சியாகாது. ஊக்லா நிறுவனத்தின் `speedtest` நிரலை நிறுவி, முதல் தடவை கையால் ஓட்டி, அது கேட்கும் உரிம ஒப்புதலைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் தானாக ஓடும்போது பேசாமல் நின்றுவிடும். `speedtest -L` என்று அடித்தால் அருகிலுள்ள சர்வர்களின் எண்கள் வரும். உங்கள் நிறுவனத்துடையது அல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரம் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு `log.sh` என்ற கோப்பில் இதை எழுதுங்கள். 1234 என்ற இடத்தில் சர்வர் எண்ணையும், அடுத்து வருவதில் உங்கள் ரூட்டர் முகவரியையும் போட வேண்டும்.

```
T=$(date '+%F %H:%M')
P=$(ping -c 10 -q 192.168.1.1 | tail -1 | cut -d/ -f5)
S=$(/usr/bin/speedtest -s 1234 -f csv)
echo "$T,$P,$S" >> $HOME/log.csv
```

அடுத்து `crontab -e` என்று அடித்து ஒரு வரி சேர்த்தால் அரை மணிக்கு ஒரு முறை இது ஓடும்:

```
7,37 * * * * bash $HOME/log.sh
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் நேரம், அடுத்து ரூட்டர் பதில் தர எடுத்த மில்லிசெகண்ட், பிறகு வெளியுலக வேகம் வரும். அந்த வேகம் பைட் கணக்கில் இருப்பதால் எட்டால் பெருக்க வேண்டும். 11750000 என்றிருந்தால் விநாடிக்கு 94 மெகாபிட். நூறு மெகாபிட் துளையுள்ள கணினியில் அதற்கு மேல் பெரும்பாலும் காட்டாது. பெரிய திட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவும் உண்டு. நூறு மெகாபிட் இணைப்பில் ஒரு சோதனை சுமார் 250 மெகாபைட் தின்னும். வாரத்தில் 336 சோதனைகளுக்கு 84 ஜிகாபைட் ஆகும். மாத வரம்பு குறைவானால் மணிக்கொரு முறை போதும்.

என் வீட்டுப் பதிவில் பகலெல்லாம் 90க்கு மேல் இருந்தது. இரவு ஒன்பது முதல் பதினொன்று வரை ஏழு நாளும் 20, 25 என்று இறங்கியது. அந்த நேரத்திலும் ரூட்டர் ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் தந்தது. ஆகவே கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவே குறை இல்லை. வீட்டிலேயே யாராவது படம் பார்த்திருக்கலாமே என்று கேட்பார்கள். அதற்காக மூன்று இரவுகள் 9.37 சோதனையின்போது மற்றக் கருவிகளை அணைத்து வைத்தோம். அப்போதும் அதே எண்தான். இப்படித் தினமும் ஒரே நேரத்தில் இறங்கினால் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் நெரிசல். நேரம் காலமில்லாமல் இறங்கினால் ஃபைபர் இணைப்பையோ ரூட்டரையோ சந்தேகிக்கலாம். நேரம் இருந்து வேகம் காலியான வரி, அந்தச் சோதனை முடியவில்லை என்று சொல்லும். வரியே இல்லையென்றால் கணினி ஓடவில்லை, அநேகமாக மின்வெட்டு. அதை நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

நெரிசல் எந்த இடத்தில் என்பதை இந்தப் பதிவு காட்டாது. அதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஏழு நாள் இரவு எண்களையும் பகல் எண்களையும் ஒரே பக்கத்தில் எழுதி, கோப்பையும் இணைத்துப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சரியாகாவிட்டால் அதே எண்ணுடன் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். நான் எழுதிய பிறகு ஆளை அனுப்பினார்கள். இந்தத் தடவை இரவு ஒன்பதரைக்கு வந்தார், வைஃபையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.