கொல்லிமலை இறக்கத்தில் கியர் எகிறுகிறதா? லீவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள்!

"தம்பி, என்னிடம் ஒரு பிக்-அப் வண்டி இருக்கிறது. சோளக்காட்டிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கு இறங்குவேன். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இரண்டாவது கியர் 'டக்'கென்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஏறும்போது ஒரு பிரச்னையும் இல்லை. ஒரு கையால் லீவரைப் பிடித்தபடியே இறங்கப் பழகிவிட்டேன். இதற்கு என்ன செய்வது?"

சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இதைக் கையில் எடுத்துக்கொண்டு நாமக்கல்லில் ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் போனோம். வாசகரின் வண்டியும் பிறகு அங்கேதான் வந்து நின்றது. வண்டியைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

காரவள்ளியில் இது ஏன் ஆபத்து?

அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த எழுபதையும் இறங்கி முடிக்கும்போது வண்டி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே வந்திருக்கும். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள ஒரு வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், சுமார் 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஐந்தாறு குடம் தண்ணீர்!

கியரில் இறங்கினால் இதில் பெரும் பங்கை என்ஜின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கியர் நியூட்ரலுக்கு விழுந்த நொடியில் அத்தனை சூடும் பிரேக் டிரம், டிஸ்க் தலையில்தான் விழும். நாலைந்து வளைவு அப்படியே இறங்கினால் பிரேக் கருகும் வாடை வரும். அதற்குப் பிறகு பெடலை மிதித்தாலும் வண்டி முன்போல நிற்காது.

ஏறும்போது நிற்கிற கியர், இறங்கும்போது ஏன் எகிறுகிறது?

கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் லீவரைத் தள்ளும்போது நகர்வது 'ஸ்லீவ்' என்கிற ஒரு வளையம். உள்பக்கம் பற்கள் கொண்ட அந்த வளையம், பல்சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பற்களின் மேல் ஏறி உட்கார்ந்தால் கியர் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சின்னப் பற்களை நேராக வெட்டாமல், சற்றே உள்நோக்கிச் சரிவாக வெட்டியிருப்பார்கள். சுமை கூடக்கூட ஸ்லீவ் வெளியே நழுவாமல் உள்ளே இழுபட வேண்டும் என்பதற்காக.

ஏறும்போது என்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் என்ஜினைத் தள்ளுகிறது. ஆகவே பற்களின் ஒரு முகத்தில் இருந்த அழுத்தம் மறு முகத்துக்கு மாறிவிடும். பல்சக்கரத்தின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், அது முன்னும் பின்னும் நகரப் பார்க்கும் திசையும் தலைகீழாகும். மலையிறக்கத்திலேயே தினமும் உழைக்கிற வண்டியில் அந்த மறு முகம்தான் தேயும். அந்தப் பக்கத்துச் சரிவு மழுங்கிவிட்டால் அதே அழுத்தம் ஸ்லீவை வெளியே தள்ள ஆரம்பிக்கும். அதனால்தான் ஏற்றத்தில் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை.

மூன்று பேர் மேல் சந்தேகம்

ஸ்லீவை அதன் இடத்தில் வைத்திருக்க மூன்று பேர் உதவுகிறார்கள்.

முதலாவது, பாலும் ஸ்பிரிங்கும். லீவரைத் தள்ளும்போது நகரும் செலக்டர் ராடில் மூன்று பள்ளங்கள் இருக்கும். நடுவில் நியூட்ரலுக்கு ஒன்று, இருபுறமும் இரண்டு கியருக்கு இரண்டு. ஸ்பிரிங் தள்ளும் ஓர் இரும்புக் குண்டு அந்தப் பள்ளத்தில் விழும். கியர் போடும்போது கைக்குத் தெரிகிற 'டக்' அதுதான். ஸ்பிரிங் சோர்ந்தாலோ பள்ளம் தேய்ந்தாலோ அந்த 'டக்' மங்கிப்போகும்.

இரண்டாவது, ஃபோர்க். ஸ்லீவைச் சுற்றியிருக்கும் காடிக்குள் இரண்டு விரல்களை நுழைத்துக்கொண்டு அதை நகர்த்துகிற கவைதான் இது. அந்த விரல்கள் தேய்ந்தால், லீவர் முழுத் தூரம் போனாலும் ஸ்லீவ் முழுத் தூரம் போகாது. பற்களின் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, மவுண்டிங் ரப்பர். இது கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பதால் பலருக்கும் ஞாபகத்துக்கு வராது. வாசகரின் வண்டியில் லீவர் நேராக கியர்பாக்ஸ் மேலேயே நிற்கிறது. ரப்பர் கிழிந்திருந்தால், காலை எடுத்ததும் என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து அசையும். கேபின் தரையில் உள்ள துளையின் ஓரமோ, இறுகிப்போன ரப்பர் உறையோ லீவரைத் தடுத்துப் பிடிக்கும். பெட்டி அசைய, லீவர் நின்றுவிட்டால் கியர் கழன்றுவிடும். லீவரிலிருந்து கம்பியோ கேபிளோ போகிற கார்களிலும் கதை இதேதான்.

பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் எந்தெந்த கியர் எகிறுகிறது என்று கவனியுங்கள். முதல் இரண்டும் ஒரே ராடு, மூன்றும் நான்கும் இன்னொரு ராடு என்பதுதான் பெரும்பாலான ஐந்து கியர் வண்டிகளின் அமைப்பு. வெவ்வேறு ராடில் உள்ள கியர்களும் எகிறினால் மவுண்டிங்கையோ லீவர் பகுதியையோ பாருங்கள். ஒரே ராடின் இரண்டு கியர்களும் எகிறினால் அதன் ஸ்பிரிங் மேல் சந்தேகம் வரலாம். ஒரே ஒரு கியர் மட்டும் எகிறினால் அந்தப் பக்கத்துப் பள்ளம், ஃபோர்க், பற்கள்.

அடுத்து, லீவர் எப்படி வெளியே வருகிறது? காலை வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் லீவர் முன்னும் பின்னும் ஆடிவிட்டுப் பிறகு விழுந்தால் மவுண்டிங். சத்தமில்லாமல் தளர்வாக நழுவினால் பால்-ஸ்பிரிங். கையைத் தட்டிவிடுகிற மாதிரி வேகமாக எகிறினால் பற்கள் மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒரு கியரில் மட்டும் 'டக்' குறைவாக இருக்கிறதா? லீவரின் உறையைத் தூக்கிவிட்டு, அந்த கியரில் இருக்கும்போது லீவரைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரையை ஒட்டிக்கொண்டு நின்றால் காரணம் அங்கேயே இருக்கலாம்.

வாசகரின் வண்டியில் நடந்தது

மெக்கானிக் அண்ணன் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினார். கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரை இரும்புக் கம்பியால் நெம்பிப் பார்த்தபோது அது உலோகத் தகட்டிலிருந்து பிரிந்திருந்தது. அதை மாற்றியதும் லீவரின் ஆட்டம் நின்றது. ஆனால் இரண்டாவது கியர் எகிறுவது நிற்கவில்லை.

அடுத்தது பாலும் ஸ்பிரிங்கும். இந்த வண்டியில் அதன் மூடியை வெளியிலிருந்தே ஸ்பேனரால் கழற்றலாம். மூன்று ராடின் ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். ஒரே உயரம் இருக்க வேண்டியவற்றில் முதல்-இரண்டாம் கியருக்கானது மட்டும் இரண்டு மி.மீ. குட்டை. புது ஸ்பிரிங், புது பால் போட்டார். வெறும் வண்டியில் நன்றாகவே நின்றது. மூன்றாவது வாரம் பலாப்பழச் சுமையோடு இறங்கும்போது மறுபடியும் 'டக்'!

"ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷரைப் போட்டு இறுக்கிவிட்டால் என்ன?" என்று வாசகர் கேட்டார். மெக்கானிக் மறுத்துவிட்டார். "லீவர் கடினமாகும். கடினமானால் நீங்கள் முழுசாகத் தள்ளமாட்டீர்கள். ஸ்லீவ் இன்னும் அரைகுறையாக நிற்கும். அந்த ஸ்பிரிங் ராடை இடத்தில் வைக்கத்தான், சுமையைத் தாங்க இல்லை" என்றார்.

பெட்டியைப் பிரித்ததும் விடை கிடைத்தது. ஃபோர்க் விரலுக்கும் ஸ்லீவ் காடிக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழைத்தார். 1.6 மி.மீ. இடைவெளி. பல டொயோட்டா கியர்பாக்ஸ் கையேடுகளில் இதற்கு உச்ச வரம்பே 1 மி.மீ.தான். உங்கள் வண்டிக்கான அளவை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்க்க வேண்டும். இரண்டாவது கியரின் சின்னப் பற்களிலோ ஒரு முகம் கூர்மையாக இருந்தது, மறு முகம் உருண்டுபோயிருந்தது. உருண்டிருந்தது இறக்கத்தில் சுமை தாங்கும் முகம்.

ஃபோர்க், ஸ்லீவ்-ஹப் ஜோடி, இரண்டாவது கியர் மூன்றையும் மாற்றினார்கள். ஃபோர்க்கை மட்டும் மாற்றியிருந்தால் மழுங்கிய பற்கள் புது ஃபோர்க்கையும் தேய்த்திருக்கும். பற்களை மட்டும் மாற்றியிருந்தால், பழைய ஃபோர்க் புதுப் பற்களையும் நுனியிலேயே நிறுத்தி மழுங்கடித்திருக்கும்.

கை செய்த வேலை

ஃபோர்க் இவ்வளவு தேய்ந்தது எப்படி? ஸ்லீவ் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபோர்க் சுற்றாது. கியர் சரியாக விழுந்த பிறகு ஃபோர்க் அநேகமாகச் சும்மா இருக்க வேண்டும். நாம் லீவரைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த அழுத்தம் ஃபோர்க் விரலைச் சுற்றுகிற ஸ்லீவ் மேல் தேய்க்கிறது. எகிறுகிறதே என்று பிடித்தார், பிடித்ததால் ஃபோர்க் தேய்ந்தது, தேய்ந்ததால் இன்னும் எகிறியது. லீவரைக் கயிற்றால் கட்டி வைப்பவர்களுக்கும் இதே கதிதான். எகிறல் இல்லாத வண்டியிலும், கியர் மாற்றிய பிறகு கையை லீவர் மேல் சும்மா வைத்திருக்கும் பழக்கம் வேண்டாம்.

பாதி மலையில் எகிறினால்?

முதலில் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு கிளட்ச் மிதித்து, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, எகிறாத கீழ் கியருக்குப் போங்கள். இரண்டாவது எகிறினால் முதல் கியர். நடை வேகத்தில் இறங்கினாலும் பரவாயில்லை. எந்தக் காரணத்துக்காகவும் என்ஜினை அணைக்காதீர்கள். பிரேக்குக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவி அதோடு போய்விடும். இடம் அகலமாக உள்ள வளைவில் ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். கீழே வந்ததும் அடுத்த லோடுக்குப் போகாமல் நேராக மெக்கானிக்கிடம் போங்கள். மவுண்டிங்கோடு முடிந்துவிட வேண்டிய செலவு, தள்ளிப்போட்டால் பெட்டிக்குள் போய்விடும்.

*உங்கள் வண்டியில் என்ன தொந்தரவு? எந்த கியரில், எந்தச் சாலையில், சுமையோடா வெறும் வண்டியிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.*