உறையின் மேல் யார் பெயர்?

அஞ்சல் உறையின் மேல் 'அனுப்புநர்' என்று எழுதி, அதன் கீழே பெயரையும் முகவரியையும் எழுதப் பள்ளியிலேயே பழகியவர்கள் நாம். மின்னஞ்சலிலும் அவ்விரண்டும் உண்டு. ஆனால் அங்கே பெயரை ஒவ்வொரு முறையும் நாம் எழுதுவதில்லை. கணக்குத் தொடங்கிய அன்று யாரோ எழுதிவைத்த பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் போதாவது அதை எடுத்துப் பார்க்க வேண்டாமா?

முருகேசன் மகள் செல்வி என்று ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். கல்லூரி விண்ணப்பத்துக்காக அப்பாவின் கைப்பேசியில் கணக்குத் தொடங்கினார்கள். முகவரி செல்வியின் பெயரில் அமைந்தது. பெயர் கேட்ட கட்டத்திலோ அப்பாவின் பெயர் ஏறிவிட்டது. இன்று அவள் புனேயிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு எழுதினால் மடலின் தலையில் இப்படி நிற்கும்:

```
From: Murugesan K <selvi.m21@example.com>
```

கூர் அடைப்புக்குள் இருப்பதே முகவரி. மறுமொழி அங்கேதான் திரும்பி வரும். முன்னால் நிற்பது வெறும் பெயர்ச்சீட்டு. அதில் எதை எழுதினாலும் மடல் போய்ச் சேரும். ஆயினும், நூறு மடல்களுக்கு நடுவே அலுவலர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சீட்டுத்தான். அவர் முருகேசனைக் காண்கிறார். தன்விவரக் குறிப்பைத் திறந்தால் செல்வி இருக்கிறாள். 'அன்புள்ள முருகேசன்' என்று மறுமொழி வந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

திருத்துவது எளிது. ஜிமெயிலைக் கைப்பேசிச் செயலியில் அல்லாமல் கணினியில் திறக்க வேண்டும். பல் சக்கரக் குறியை அழுத்தி `See all settings`, பிறகு `Accounts and Import` என்னும் பகுதிக்குச் செல்க. அங்கே `Send mail as` என்ற வரியின் எதிரே `edit info` இருக்கும். அதை அழுத்தினால் பெயருக்கு இரண்டு வழிகள் தோன்றும்: ஒன்று, கணக்கிலுள்ள பெயர், மற்றொன்று, வெற்றுக் கட்டம். வெற்றுக் கட்டத்தைத் தேர்ந்து, பெயரை எழுதி, `Save Changes` அழுத்தினால் வேலை முடிந்தது. முகவரி மாறாது. முன்பே அனுப்பிய மடல்களிலும் பழைய பெயரே நிற்கும்.

எந்தப் பெயரை எழுதுவது? இங்கேதான் நம்மவர்க்குத் தனித் தொல்லை. வடக்கே வந்ததும், இரண்டாம் பெயர் கேட்கிறார்களே என்று தலைப்பெழுத்தை விரித்து 'Selvi Murugesan' என்று எழுதிவிடுகிறோம். அதைப் பார்ப்பவர் முருகேசனைக் குடும்பப் பெயராக எண்ணி, 'செல்வி முருகேசன்' என்பவளை 'மிஸ் முருகேசன்' ஆக்குகிறார். கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் அப்படியே இருந்தால் வேறு வழியில்லை. இல்லையென்றால் 'Selvi M' போதும் என்பது என் கருத்து. தன் பெயர் முதலில் நிற்க வேண்டும். தன்விவரக் குறிப்பின் தலைப்பிலும் அதுவே இருக்க வேண்டும். துறை, ஆண்டு, பட்டம் எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தில் திணிக்க வேண்டாம். கைப்பேசித் திரை பாதியில் வெட்டிவிடும். தமிழ் எழுத்தில் எழுதினாலும் மடல் சரியாகப் போகும். ஆனால் அதைப் படிக்கத் தெரியாத அலுவலர் உங்களை எப்படித் தேடி எடுப்பார்? தமிழ்ப் பற்றைக் காட்ட வேறு இடம் உண்டு.

மாறியதா என்று பார்க்கத் தனக்குத் தானே மடல் அனுப்பிப் பயனில்லை. ஜிமெயில் பட்டியலில் 'me' என்றே காட்டும். அறைத் தோழருக்கு அனுப்பினாலும் ஏமாறலாம். அவர் உங்களை 'மச்சி' என்று சேமித்திருந்தால் அவர் திரையில் மச்சிதான் தெரியும்! அவருடைய கணினியில் மடலைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் `Show original` என்பதை அழுத்தி, `From:` வரியைப் படியுங்கள். அங்கே இருப்பதே உண்மையில் போன பெயர்.

இந்தத் திருத்தம் மடலுக்கு மட்டுமே. தன்விவரக் குறிப்பை கூகுள் டிரைவ் வழியாகப் பகிர்ந்தால், அங்கே கணக்கின் பெயராகிய முருகேசனே மறுபடி தலைகாட்டுவார். அதை மாற்ற கூகுள் கணக்கின் `Personal info` பகுதிக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகம் தந்த கணக்கில், சேர்க்கை எண்ணை முன்னே ஒட்டிய பெயர் இருந்து, அதை மாற்றும் உரிமையும் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது கணினி மையத்தில் எழுதிக் கேளுங்கள். அல்லது விண்ணப்பங்களுக்கென்று சொந்தக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, பெயர் கேட்கும் கட்டத்தை இம்முறை நீங்களே நிரப்புங்கள்.