பால் கொடுக்கும் வரை கரு தங்காதா?

பிள்ளை பால் குடிக்கும் வரை அடுத்த கரு தங்காது என்று வீட்டு மூத்த பெண்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கூற்றை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. குழந்தை மார்பில் சப்பும்போது அங்குள்ள நரம்புகள் மூளைக்கு அனுப்பும் தூண்டல், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதாலமஸ் சீரான இடைவெளியில் சுரக்கும் ஹார்மோன் துடிப்புகளைக் குலைக்கிறது. அதனால் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து சூலகத்துக்குப் போக வேண்டிய கட்டளை வலுவிழக்க, கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. ஆனால் இந்தத் தடை எந்த நிலைமையில், எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அந்தக் கூற்று சொல்வதில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

இத்தாலியின் பெல்லாஜியோவில் 1988இல் கூடிய வல்லுநர்கள் அந்த எல்லையை மூன்று நிபந்தனைகளாக வகுத்தனர்: பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்குத் தாய்ப்பாலே முழு உணவாகவோ ஏறத்தாழ முழு உணவாகவோ இருக்க வேண்டும், குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் ஒருங்கே பொருந்தினால் கருத்தரிப்பிலிருந்து 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு உண்டு, அதாவது அந்த 6 மாதத்தில் 100 பெண்களில் கருத்தரிப்பவர் இருவருக்கும் குறைவு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘லாம்’ என்று வழங்கப்படும் இம்முறை, மூன்றில் ஒன்று தவறிய அன்றே முடிந்துவிடுகிறது. எஞ்சிய இரண்டும் சேர்ந்து அந்தக் குறையை ஈடுசெய்வதில்லை.

பால் கொடுத்தாலே போதும், எவ்வளவு அடிக்கடி கொடுக்கிறோம் என்பது பொருட்டல்ல என்பது இந்த நம்பிக்கையின் முதல் தூண். கருமுட்டையைத் தடுப்பது பாலின் அளவு அன்று, அடிக்கடி நிகழும் சப்புதலே என்பதால் இந்தத் தூண் நிற்பதில்லை. பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும் இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இரண்டு பாலூட்டலுக்கு நடுவே இடைவெளி விழக் கூடாது என்ற விதி இதனால்தான் சொல்லப்படுகிறது. மருத்துவர் தரும் வைட்டமின் சொட்டு மருந்தோ, எப்போதாவது நாவில் தடவும் உரைமருந்தோ கணக்கைக் கெடுப்பதில்லை. ஆனால் பால் போதவில்லை என்று தொடங்கும் புட்டிப்பாலும், நான்காம் மாதத்திலேயே ஊட்டும் கேழ்வரகுக் கூழும் பிள்ளையின் பசியை ஆற்றி, சப்பும் முறைகளைக் குறைத்துவிடுகின்றன. பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை குடிப்பது தாய்ப்பாலே ஆனாலும், பீய்ச்சுவது சப்புதலுக்கு முழு ஈடாவதில்லை. வேலைக்குச் சென்ற பாலூட்டும் தாய்மாரிடையே சிலி நாட்டில் நடந்த ஆய்வில், 6 மாதத்தில் 100க்கு 5 பேர் அளவில் கருத்தரித்தனர். இந்த வீதம் வழக்கமான ‘லாம்’ கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

மாதவிலக்கு வராத வரை அச்சமில்லை என்ற இரண்டாம் தூண் இதைவிட ஆபத்தானது. மாதவிலக்கு என்பது கருமுட்டை வெளியேறி ஏறத்தாழ இரு வாரம் கழித்து வருவது. ஆகவே முதல் கருமுட்டை எந்த அறிவிப்பும் இல்லாமல் வெளிவந்து, மாதவிலக்கைக் காணாமலே கரு தங்கிவிடலாம். முதல் 6 மாதத்துக்குள் வரும் முதல் மாதவிலக்குகளில் பல கருமுட்டை வெளிவராமலோ, வந்தும் கரு நிலைக்கும் வலுவின்றியோ நிகழ்பவை என்பதால் அக்காலத்தில் இரத்தப்போக்கே பெரும்பாலும் முன்னெச்சரிக்கை ஆகிறது. நாள் செல்லச் செல்ல முட்டை முந்திக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. 6 மாதம் என்ற வரம்பு இதிலிருந்து பிறந்ததே.

ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். ஜனவரி 10 அன்று பிரசவித்த ஒருத்திக்கு மார்ச் 1 அன்று சிறிது இரத்தம் படுகிறது. அது 50ஆம் நாள், 56 நாளுக்குள் வரும் போக்கு மாதவிலக்காகக் கொள்ளப்படுவதில்லை என்பதால், முழுமையாகப் பாலூட்டும் அவளுக்குப் பாதுகாப்பு தொடர்கிறது. மே மாத நடுவில் தாய்வீட்டிலிருந்து கணவன் வீடு திரும்பி, வேலையிலும் சேர்கிறாள். பகலில் 8 மணி நேரம் பிள்ளைக்குப் புட்டிப்பால். மாதவிலக்கு வரவில்லை, குழந்தைக்கு 6 மாதமும் ஆகவில்லை, ஆயினும் புட்டி தொடங்கிய நாளிலேயே ‘லாம்’ முடிந்துவிட்டது. ஜூனில் கரு தங்கினால், வராத மாதவிலக்கைப் பாலூட்டலின் கணக்கிலேயே எழுதி, ஆகஸ்டில் வரும் குமட்டலை அசதியென்று ஒதுக்கி, வயிறு தெரியும்போதுதான் அறிவாள். சிறுநீர்ப் பரிசோதனையைப் பாலூட்டல் குழப்புவதில்லை. ஐயம் தோன்றிய அன்றே செய்திருக்கலாம். தாய்வீட்டு வாசம் முடிந்து கணவனோடு வாழத் தொடங்கும் மாதங்களும் பாதுகாப்பு தளரும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிடுவது நம் வழக்கத்துக்கே உரிய இடர்.

கருத்தடை மருந்து எதைத் தொட்டாலும் பால் வற்றிவிடும் என்ற மூன்றாம் வாதம் ஒரு மருந்தின் குறையை எல்லாவற்றின் மேலும் ஏற்றுகிறது. பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது ஈஸ்ட்ரஜன்; அது புரோஜெஸ்டோஜனோடு சேர்ந்திருக்கும் மாலா-என் போன்ற கூட்டு மாத்திரைகளைப் பாலூட்டுபவர் முதல் 6 வாரம் அறவே கொள்ளக் கூடாது, பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இரத்தம் உறையும் அபாயமும் கூடுதலாக இருப்பதால்; 6 மாதம் வரையும் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, புரோஜெஸ்டோஜன் மட்டுமே கொண்டது, பாலூட்டுபவருக்கு 6 வாரத்துக்குப் பின் ஏற்றது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சாயா மாத்திரையோ ஸ்டீராய்டு ஹார்மோனே அல்ல. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பின்னர் வாரம் ஒருமுறையும் உட்கொள்ளப்படும் அது பாலைக் குறைப்பதில்லை. மாதவிலக்கை அது தள்ளிப்போடக்கூடும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இல்லையெனில் மேற்சொன்ன குழப்பம் மறுபடியும் தலைதூக்கும்.

நான்காவது வாதம் வீட்டில் மட்டுமன்றி, சில நேரம் மருத்துவமனை வரிசையிலும் கேட்பது: மாதவிலக்கு வந்த பிறகே காப்பர்-டி போட முடியும், அதுவரை காத்திருக்க வேண்டும். நச்சுக்கொடி வெளியேறிய 10 நிமிடத்துக்குள்ளோ, பிரசவம் முடிந்த 48 மணி நேரத்துக்குள்ளோ அதைப் பொருத்தலாம். அப்போது அது நழுவி விழும் வாய்ப்பு பிற்காலத்தில் பொருத்துவதைவிடச் சற்று அதிகம் என்பதால் 6ஆம் வாரப் பரிசோதனை தவறக் கூடாது. அந்த 48 மணி நேரம் கடந்துவிட்டால் இந்திய அரசு வழிகாட்டல்படி 6 வாரம் பொறுக்க வேண்டும். அதற்குப் பின் மாதவிலக்குக்காகக் காத்திருக்கச் சொல்வதற்கு அடிப்படை ஏதுமில்லை. ‘லாம்’ நிபந்தனைகள் மூன்றும் பொருந்தும் ஒருத்தி கருவுற்றிருக்க வாய்ப்பில்லை என்று ஏற்பதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். அவளுக்கு எந்த நாளிலும் காப்பர்-டி பொருத்தலாம், ஊசியும் தொடங்கலாம். ஆகவே மேலே கண்ட பெண் மே நடுவில் வேலையில் சேரும் முன், தாய்வீட்டில் இருந்தபோதே, அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் செய்துகொண்டிருக்க முடியும். வேலைக்குச் சேர்ந்து சில வாரம் கழித்து வந்தால், அதே மேசையில் முதலில் சிறுநீர்ப் பரிசோதனைதான்.