சிலிப் வந்தாச்சு... பணம் எங்க பாஸ்?

காலேஜ் முடிஞ்சதும் சாயங்காலம் ஜவுளிக்கடையிலோ, மெடிக்கல் ஷாப்பிலோ பார்ட் டைம் வேலைக்குப் போற ஆளா நீங்க? இல்ல, அப்பாவோட கடையில ஞாயித்துக்கிழமை கல்லாவுல உட்கார்ற ஆளா? அப்படின்னா இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

தேனியில எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. சொந்த ஊர் சின்னமனூர் பக்கம். பி.காம். படிச்சுக்கிட்டே ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறார். வீரபாண்டி சித்திரைத் திருவிழா நேரம். தேனியில இருந்து கம்பம் போற ரோடு முழுக்க ஜனம். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் கடையில நிக்க இடமில்ல. கார்டு தேய்க்கிற மெஷின் விடாம சிலிப்பைத் துப்பிக்கிட்டே இருந்துச்சு. எல்லா சிலிப்புலயும் APPROVED.

திங்கட்கிழமை காலையில முதலாளி பேங்க் கணக்கைப் பார்க்கிறார். கியூ.ஆர். கோடு ஸ்கேன் பண்ணி வந்த பணம் இருக்கு. கார்டு பணம்? ஒத்த ரூபாய் இல்ல!

"ஏப்பா தம்பி, மெஷின்ல உட்கார்ந்தது நீதானே? ஒன்றரை லட்சம் எங்கப்பா போச்சு?"

"அண்ணே, சிலிப் எல்லாம் கம்பியில குத்தி வச்சிருக்கேன் அண்ணே. ஒண்ணுகூட குறையாது."

"சிலிப்பை வச்சு நான் சரக்குக்காரனுக்குப் பணம் குடுக்க முடியுமா?"

தம்பிக்கு முகமே செத்துப்போச்சு. கஸ்டமர் ஒருத்தருக்கு போன் போட்டுக் கேட்டா, "எனக்கு அன்னைக்கே பணம் எடுத்ததா மெசேஜ் வந்துருச்சே"ங்கிறார். அவர் கணக்குல கழிஞ்சிருச்சு. இவர் கணக்குல ஏறல. நடுவுல யார் சாப்பிட்டது?

யாரும் சாப்பிடல. பணம் கஸ்டமரோட பேங்க்லயே ஓரமா உட்கார்ந்திருக்கு. யாரும் அதைக் கேட்கல. அவ்வளவுதான் விஷயம்!

கார்டுல பணம் போறது ஒரே வேலை மாதிரி தெரியும். ஆனா அது ரெண்டு வேலை. கார்டைச் செருகி பின் நம்பர் அடிச்சதும் நடக்கிறது முதல் வேலை. கடையோட மெஷின், கஸ்டமரோட பேங்க்கிட்ட "இவர்கிட்ட 1,250 ரூபாய் இருக்கா, தரலாமா?"ன்னு கேட்குது. பேங்க் "தரலாம்"னு சொல்லி ஒரு அனுமதி நம்பர் குடுத்து, அந்தத் தொகையைத் தனியா ஒதுக்கி வைக்குது. டெபிட் கார்டா இருந்தா இருப்புல உடனே குறையும், கிரெடிட் கார்டா இருந்தா லிமிட்ல குறையும். மெசேஜ் வர்றது இந்த நேரத்துலதான். APPROVED-னா அனுமதி கிடைச்சாச்சுன்னு அர்த்தம். பணம் வந்தாச்சுன்னு அர்த்தம் இல்ல.

ரெண்டாவது வேலை, "அனுமதி குடுத்தீங்களே, இப்ப பணத்தைக் குடுங்க"ன்னு கேட்கிறது. இதை ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியா கேட்காம, நாள் முழுக்க நடந்ததைக் கட்டா கட்டி ராத்திரி ஒரே தடவையா கேட்பாங்க. அந்தக் கட்டுக்குப் பேர்தான் பேட்ச். அதை அனுப்பி மூடுறதுக்குப் பேர் செட்டில்மென்ட்.

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிற வீட்டுப் பசங்களுக்கு இது சட்டுனு புரியும். வியாபாரி தோட்டத்துல எடை போட்டு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போறார்னு வைங்க. அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு மண்டிக்குப் போகாம இருந்தா காசு வருமா? தம்பியோட மெஷின் பண்ணினது அதைத்தான். மூணு நாள் சீட்டையும் பையிலயே வச்சிருந்துச்சு.

இந்தக் கட்டு கட்டுற பழக்கம் மெஷினுக்கு முன்னாடியே உண்டு. அந்தக் காலத்துல கார்டை ஒரு தட்டுல வச்சு, மேல கார்பன் சீட்டைப் போட்டு, உருளையை இழுத்துத் தேய்ப்பாங்க. கார்டுல மேடா இருக்கிற நம்பர் சீட்டுல பதிஞ்சிரும். அந்தச் சீட்டுகளைக் கடைக்காரர் கட்டா கட்டி பேங்க்ல கொண்டுபோய்க் குடுத்தாத்தான் காசு. பேப்பர் போய் மெமரி வந்திருச்சு, கட்டு மட்டும் அப்படியே இருக்கு.

'மெஷினே தானா அனுப்பிரக் கூடாதா?'ன்னு நீங்க கேட்கலாம். அனுப்பும். நிறைய மெஷின்ல ராத்திரி ஒரு நேரம் குறிச்சு வச்சிருப்பாங்க. இன்னும் சில மெஷின்ல கடைக்காரர் எதையும் தொட வேண்டாம், பேங்க் கம்ப்யூட்டரே கட்டை மூடிரும். உங்க கடை மெஷின் எந்த ரகம்னு மெஷின் குடுத்த பேங்க்ல ஒரு தடவை கேட்டு வச்சுக்கங்க.

தம்பி கடை மெஷின்ல ராத்திரி பதினொரு மணின்னு குறிச்சிருந்தாங்க. கடை மூடுறது பத்தரைக்கு. ஷட்டரை இறக்கும்போது மெயினை ஆஃப் பண்ணிருவாங்க. முன்னெல்லாம் மெஷின் பேட்டரியில முழிச்சிருந்து, பதினொரு மணிக்குத் தன் வேலையை முடிச்சிரும். அந்தப் பேட்டரி கிழடாகி, சார்ஜரை எடுத்தா பத்து நிமிஷம்கூடத் தாங்காத நிலைக்கு வந்திருச்சு. பகல்ல சார்ஜர்லயே ஓடினதால யாருக்கும் தெரியல. பதினொரு மணிக்கு மெஷின் செத்துக் கிடந்துச்சு. மறுநாள் காலையில ஆன் பண்ணினதும் விட்ட வேலையைப் பிடிக்கிற மெஷினும் உண்டு. இது அந்த ரகம் இல்ல. பேசாம அடுத்த நாள் பில்லையும் அதே கட்டுல சேர்த்துக்கிட்டே போச்சு. மலையடிவாரத்துல சிக்னல் ஒத்தக் கோடா நிக்கிற ஊர்ல, அந்த நேரம் பார்த்து லைன் கிடைக்காமப் போனாலும் இதே கதைதான்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? பக்கத்துக் கடையில கணக்கு பார்க்கிற அக்கா ஒருத்தங்க வந்து, கம்பியில குத்தின சிலிப்பை எடுத்து வரிசையா வச்சாங்க. ஒவ்வொரு சிலிப்புலயும் BATCH NO-ன்னு ஒரு நம்பர் இருக்கும். வெள்ளிக்கிழமை 000212. சனிக்கிழமை 000212. ஞாயித்துக்கிழமையும் 000212. "கட்டு மூடியிருந்தா தினம் இந்த நம்பர் மாறியிருக்கணும் தம்பி. மூணு நாளா மாறவே இல்ல பாரு"ன்னாங்க. அப்பத்தான் முதலாளி முகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடுச்சு.

உடனே பட்டனை அமுக்கல. முதல்ல மெஷின்ல விவர ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்து, சிலிப்போட ஒப்பிட்டாங்க. வெள்ளி 14 சிலிப், 38,650 ரூபாய். சனி 19 சிலிப், 52,400. ஞாயிறு 23 சிலிப், 61,480. மொத்தம் 56 சிலிப், 1,52,530 ரூபாய். ரிப்போர்ட்ல 55-ம், 1,51,280-ம்தான் இருந்துச்சு. 1,250 ரூபாய் குறையுதே! தம்பிக்கு மறுபடி வேர்த்திருச்சு. தேடிப் பார்த்தா, ஞாயித்துக்கிழமை ஒரு அம்மா சேலை வேண்டாம்னு திருப்பிக் குடுத்ததால அந்த பில்லை மெஷின்லயே கேன்சல் பண்ணியிருந்தார். அந்தக் கேன்சல் சிலிப்பும் கம்பியில இருந்துச்சு. கணக்கு நேர்!

கட்டை உடனுக்குடன் மூடாம ராத்திரி வரைக்கும் வச்சிருக்கிறதுல ஒரு லாபம் இதுதான். மூடுறதுக்கு முன்னாடின்னா சுலபமா கேன்சல் பண்ணலாம். மூடினதுக்கு அப்புறம் ரீஃபண்டுதான், கஸ்டமருக்குப் பணம் திரும்பப் பல நாள் ஆகும்.

அப்புறம் செட்டில்மென்ட் அமுக்கினாங்க. மெஷின் பேங்க் கம்ப்யூட்டர்கிட்ட எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் சொல்லும். அங்கே உள்ள கணக்கோட ஒத்துப்போனா சில நொடியில வேலை முடிஞ்சிரும். ஒத்துப்போகலைன்னா, "ஒவ்வொண்ணா அனுப்பு"ன்னு அங்கிருந்து பதில் வரும். மெஷினும் 55 பில்லையும் ஒண்ணொண்ணா அனுப்பும். அதுக்கு நேரமாகும். 'ஹேங் ஆயிருச்சு'ன்னு நினைச்சு ஆஃப் பண்ணிராதீங்க. தம்பி மெஷின்ல முதல் தடவையே ஒத்துப்போச்சு. SETTLEMENT SUCCESSFUL-னு சிலிப் வந்துச்சு. அடுத்த பில்லுல நம்பர் 000213. செவ்வாய்க்கிழமை பேங்கோட கட்டணம் போக மீதி கணக்குல ஏறிருச்சு. முதலாளி தம்பிக்கு டீ வாங்கிக் குடுத்தார். ஸாரி கேட்டாரான்னு கேட்காதீங்க, முதலாளிங்க டீயிலதான் ஸாரி சொல்வாங்க!

மூணு நாள்ல பிடிச்சதால தப்பிச்சாங்க. மூணு வாரம் ஆகியிருந்தா? கஸ்டமரோட பேங்க் ஒதுக்கி வச்ச பணத்தைக் காலம் முழுக்கப் பிடிச்சு வைக்காது. சில நாள் பார்க்கும், யாரும் கேட்கலைன்னா கஸ்டமருக்கே விடுவிச்சிரும். அதுக்கப்புறம் கட்டை அனுப்பினா சிலது வரும், சிலது வராது. கார்டு மூடியிருக்கலாம், கணக்குல பணம் இல்லாம இருக்கலாம், 'இவ்வளவு லேட்டா கேட்டா எப்படி?'ன்னு அந்த பேங்க் திருப்பி அனுப்பலாம். சேலையும் போச்சு, காசும் போச்சு.

அதனால பணம் வரலைன்னு பதறி மூணு தப்பைப் பண்ணிராதீங்க. கஸ்டமரைக் கூப்பிட்டு மறுபடி கார்டு தேய்க்கச் சொல்லாதீங்க. பழைய கட்டு அப்புறம் போய்ச் சேர்ந்தா அவருக்கு ரெண்டு தடவை கழியும். மெனுவுல CLEAR BATCH மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா தொடாதீங்க, அது கட்டை அனுப்பாமலே அழிச்சிரும். மெஷின் ரிப்பேர்னு மாத்த ஆள் வந்தா, பழசுல செட்டில்மென்ட் சிலிப் வாங்காம மெஷினைக் கையில குடுக்காதீங்க.

மெஷினே உயிரை விட்டுட்டா? அப்ப சிலிப்தான் சாட்சி. அதுல இருக்கிற தேதி, தொகை, TID, பேட்ச் நம்பர், அனுமதி நம்பர், RRN எல்லாத்தையும் வச்சு மெஷின் குடுத்த பேங்க்கிட்ட எழுத்துல கேட்கணும். அவங்க பக்கத்துக் கணக்கோட ஒத்துப் பார்ப்பாங்க. ஆனா சிலிப் சூட்டுல அச்சாகிற தாள். வெயில்ல கிடந்தா வெள்ளைப் பேப்பர் ஆயிரும். அன்னன்னைக்கே செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க.

ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம். சிலிப்பே வராம, கஸ்டமர் கணக்குல மட்டும் பணம் கழிஞ்சா அது வேற கேஸ். ரிசர்வ் பேங்க் 2019-ல போட்ட விதிப்படி, அந்தப் பணம் அஞ்சு நாளுக்குள்ள கஸ்டமருக்குத் தானா திரும்பணும், தாண்டினா நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு. ஆனா சிலிப் வந்து, கட்டு மூடாம கிடந்தா, அதைக் கவனிக்க வேண்டியது கடைக்காரர்தான்.

தம்பி இப்ப என்ன பண்றார் தெரியுமா? மெயினை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அவரே செட்டில்மென்ட் போட்டு, அந்தச் சிலிப்பை அன்னைக்குக் கணக்கு நோட்டுல ஒட்டிட்டுத்தான் ஷட்டரை இறக்குறார். காலையில முதல் பில்லுல நம்பர் மாறியிருக்கான்னு ஒரு பார்வை. ரெண்டும் சேர்த்து ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

இன்னைக்கு சாயங்காலம் கடைக்குப் போனதும் நேத்து சிலிப்பையும் இன்னைக்கு சிலிப்பையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்பர் மாறலைன்னா, முதலாளி கேட்கிறதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லிருங்க!