மருந்தடிப்பு மண்டோர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக முடியுமா?

2024 ஜூன் 1ஆம் தேதி, திருத்தப்பட்ட தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அமலுக்கு வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. முன்பு பாதுகாப்புக்கென்று ஆள் வைக்க வேண்டிய கட்டாயம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் இருந்தது. எந்தெந்தத் துறைகளுக்குப் பாதுகாப்பு அதிகாரி தேவை என்று 1997ஆம் ஆண்டு உத்தரவு சொன்னது. இப்போது பட்டறை, கிடங்கு, சாப்பாட்டுக் கடை வரை கட்டாயம் இறங்கி வந்துவிட்டது. நியமிக்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தோட்டங்களில் மருந்தடிப்பு மண்டோர், உரக் கணக்குக் கிராணி, ஆலைப் பணியாளர் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்த தமிழர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது. புதிதாகக் கேட்கப்படும் வேலையில் பாதியை அவர்கள் ஏற்கெனவே செய்து வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு அவர்கள் எழுதும் விண்ணப்பத்தில் அது தெரிவதே இல்லை.

முதலில் ஒரு நடைமுறை உண்மை. சட்டம் 'ஊழியர்களில் ஒருவரை' என்றுதான் சொல்கிறது. எனவே சிறு நிறுவனங்கள் இதைத் தனி வேலையாக விளம்பரம் செய்வது குறைவு. இருக்கிற கணக்கரையோ மனிதவளப் பிரிவில் உள்ளவரையோ மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, பெயரைத் தாளில் எழுதிக் கொள்வதே வழக்கமாகி வருகிறது. ஆகவே ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் மட்டும் வேலை தேடுபவர் ஏமாந்து போவார். கிடங்கு மேற்பார்வையாளர், உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர், துப்புரவுப் பிரிவுத் தலைவர் போன்ற விளம்பரங்களைப் பார்த்து, 'இந்த வேலையோடு உங்கள் சட்டப் பொறுப்பையும் சுமக்கக்கூடியவன்' என்று போய் நிற்பதுதான் வழி. முதலாளிக்கு ஒரே சம்பளத்தில் இரண்டு தேவை தீரும். அந்த இரண்டாவது பொறுப்புக்குத் தனியாக எவ்வளவு தருவார்கள் என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் மருந்தடிப்பு மண்டோராக இருந்தவர், கிள்ளான் பக்கம் துப்புரவு ரசாயனங்களை வைத்து விநியோகிக்கும் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருக்கும் பழைய விண்ணப்பத்தில் இருப்பது இதுதான்: 'மண்டோர், 9 ஆண்டு அனுபவம். பெரட்டு எடுப்பேன். மருந்தடிப்பு வேலையைக் கவனிப்பேன். கடின உழைப்பாளி.'

நகரத்துக் கிடங்கின் மனிதவள அதிகாரிக்குப் பெரட்டு என்றால் என்னவென்றே தெரியாது. 'கடின உழைப்பாளி' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளை அவர் புரிந்துகொள்ளும் வகையில் திருப்பி எழுத வேண்டுமானால், ஒவ்வொரு வேலையிலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதில் என்ன ஆபத்து இருந்தது? அதைத் தடுக்க என்ன செய்யப்பட்டது? செய்ததற்கு என்ன பதிவு இருக்கிறது?

காலைப் பெரட்டையே எடுத்துக்கொள்வோம். மண்டோர் அங்கே வெறும் பெயர்க் கணக்கு மட்டும் எடுப்பதில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் கையுறை கொண்டு வரவில்லை, யார் கர்ப்பமாக இருக்கிறார் என்று பார்த்து, மருந்தடிப்பிலிருந்து விலக்கி வேறு வேலைக்கு அனுப்புகிறார். விண்ணப்பத்தில் அது இப்படி மாறும்: '14 பேர் கொண்ட குழுவுக்குத் தினமும் வேலைக்கு முன் பாதுகாப்பு விளக்கம் அளித்து, பாதுகாப்புக் கவசங்களைச் சரிபார்த்தேன். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் ரசாயன வேலையிலிருந்து மாற்றினேன். தினசரிப் பதிவேடு வைத்திருந்தேன்.' இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. செய்ததுதான் எழுதப்பட்டிருக்கிறது.

மருந்துக் கிடங்கு வேலையும் அப்படித்தான். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படிப்பது, நீர்ம மருந்தைக் கீழ்த் தட்டிலும் தூள் மருந்தை மேல் தட்டிலும் வைப்பது, கசிந்தால் மணலைக் கொட்டுவது, காலிப் புட்டிகளை மூன்று முறை அலசி ஓட்டை போட்டு வைப்பது, வெளியே போன அளவை எழுதி வைப்பது ஆகியவை அவருக்கு அன்றாட வேலை. நகரத்தில் இவற்றுக்கு ரசாயனக் கையாளுதல், கசிவுக் கட்டுப்பாடு, கழிவு மேலாண்மை என்று பெயர்.

இன்னொன்றைப் பலர் எழுதவே மறந்துவிடுகிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டதால், தோட்டங்களுக்கு வெளித் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்ட பதிவேட்டை எடுத்துக் கொடுத்து, கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொன்ன மண்டோருக்குத் தணிக்கை அனுபவம் இருக்கிறது. தோட்டப் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு சட்டப்படி அமைக்கப்படுகிறது என்பது நேர்காணல் நடத்துபவருக்குத் தெரிந்திருக்கும்.

பதவிப் பெயரில் மட்டும் கை வைக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் மண்டோர் என்று இருந்தால் விண்ணப்பத்திலும் மண்டோர் என்றே இருக்க வேண்டும். பக்கத்தில் 'மருந்தடிப்புக் குழு மேற்பார்வை' என்று விளக்கம் சேர்க்கலாம். 'பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதினால், தோட்ட அலுவலகத்துக்குப் போகும் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே கதை முடிந்துவிடும். போதாததற்கு, பாதுகாப்பு அதிகாரி என்பது தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உரிய தகுதி. மக்கள் அதைப் பச்சைப் புத்தகம் என்பார்கள்.

நேர்காணலில்தான் சோதனை. கிடங்கு மேலாளர் அவரை அலமாரி வரிசைக்கு அழைத்துச் சென்று, 'இதில் ஏதாவது தவறு தெரிகிறதா?' என்று கேட்கலாம். ஒரே தட்டில் வெளுப்பு நீரும், அதன் பக்கத்தில் கழிவறை சுத்தம் செய்யும் அமிலமும் இருக்கின்றன. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எந்தெந்த மருந்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று பழகிய கண்ணுக்கு இது உடனே படும். ஆனால் 'இது ஆபத்து ஐயா' என்று சொல்லி நிறுத்தினால் அவர் இன்னும் மண்டோராகவே தெரிவார்.

பாதுகாப்புத் துறை வெளியிட்டுள்ள வழிகாட்டியில் ஆபத்தை எண்ணால் அளக்கும் முறை ஒன்று உள்ளது. நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, பாதிப்பின் கடுமைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்து இரண்டையும் பெருக்க வேண்டும். 15ஓ அதற்கு மேலோ வந்தால் அதிக ஆபத்து, 5 முதல் 12 வரை நடுத்தரம், 4ஓ அதற்குக் கீழோ வந்தால் குறைவு. புட்டிகள் அடிக்கடி இறக்கி ஏற்றப்படுவதால் கசிவு வாய்ப்புக்கு 3, வாயுவின் கடுமைக்கு 4 என்று வைத்தால் 12 வருகிறது. அமிலத்தை வேறு வரிசைக்கு மாற்றி, அடியில் தனித் தட்டம் வைத்தால் இரண்டும் கலக்கும் வாய்ப்பு 1 ஆகிறது. கணக்கு 4க்கு இறங்குகிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். புதிய சட்டத்தில் ஆபத்து மதிப்பீடு முதலாளியின் கடமையாகவே எழுதப்பட்டுள்ளதால், மேலாளருக்கு இது காதில் தேன்.

அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் விபத்தைப் பற்றியது. 'என் குழுவில் ஒன்பது வருடமும் ஒரு விபத்துகூட இல்லை' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. துறை தெரிந்தவர் இதை நம்ப மாட்டார். ஒன்று, இவர் எதையும் கவனிக்கவில்லை. அல்லது மறைத்திருக்கிறார். நடந்த ஒன்றைக் காரணத்தோடு சொல்வது மேல். குழுவில் மூன்று பெண்களுக்குக் கையில் அரிப்பு வந்தது. விசாரித்தபோது, தோட்டம் வாங்கிய கையுறை எல்லாம் பெரிய அளவு என்றும், மூடியைத் திருகி மருந்து கலக்கும்போது அவர்கள் அதைக் கழற்றிவிடுகிறார்கள் என்றும் தெரிந்தது. சிறிய அளவுக் கையுறை வரவழைத்து, கலக்கும் வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுத்த பிறகு அரிப்பு நின்றது. இப்படிப்பட்ட ஒரு கதை பத்துச் சான்றிதழுக்குச் சமம். 'கவனமாக இருங்கள் என்று சொன்னேன்' என்பதோடு முடியும் கதைக்கு அந்த மதிப்பு இல்லை.

தெரியாததையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். போர்க்லிப்ட் ஓடும் பாதை, மின்சாரப் பலகை, தீயணைப்புக் குழாய் அமைப்பு ஆகியவற்றில் தோட்டத்து மண்டோருக்கு அனுபவம் குறைவு. மலாயில் விபத்து அறிக்கை எழுதுவது இன்னொரு தடை. வாயால் சொல்வதற்கும் எழுதுவதற்கும் வெகுதூரம். ஜே.கே.கே.பி. 6, ஜே.கே.கே.பி. 8 என்ற இரண்டு பாரங்களை எடுத்து, தோட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தை வீட்டில் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தால் எங்கே திணறுகிறோம் என்பது தெரிந்துவிடும். முதலாவது பாரம் விபத்தைத் தெரிவிப்பதற்கு. இரண்டாவது, ஆண்டு முழுவதற்குமான கணக்கை ஜனவரி 31க்குள் அனுப்புவதற்கு.

தோட்டத்து வேலையை விடும் விதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆள்குறைப்பில் வேலை இழந்தவர் சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் 60 நாள்களுக்குள் மனு செய்தால் வேலை தேடும் காலத்துக்கான உதவித் தொகையும் பயிற்சிக்கான உதவியும் பெற வழி உண்டு. தானாகவே வேலையை விட்டவருக்கு அது கிடையாது. தோட்டம் கைமாறுகிறது, ஆள்குறைப்பு வருகிறது என்ற பேச்சு அடிபடும்போது கோபத்தில் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். கிளம்பும் முன் பயிற்சிச் சான்றிதழ்கள், மருத்துவப் பரிசோதனைப் பதிவுகள், குழுக் கூட்டக் குறிப்பில் தன் பெயர் உள்ள பக்கம் ஆகியவற்றின் நகலை நிர்வாகத்திடம் முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பிறகு அலுவலகத்தில் அதைத் தேடித் தர யாருக்கும் நேரம் இருக்காது.

கிடங்கில் சேர்ந்த பிறகு ஒருங்கிணைப்பாளராகச் செய்யும் வேலையை முதல் நாளிலிருந்தே தேதியோடு எழுதி வைக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரிக்கான பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறியவர் பச்சைப் புத்தகத்துக்கு விண்ணப்பிக்க, இத்துறையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவத்தைக் காட்டியாக வேண்டும்.